நிறுத்தச் சொன்ன மாத்திரை

குடும்பத்தில் ஒருவர் டாக்டராகிவிட்டால் மற்றவர்களை நோயே அண்டாது என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். நோய் வரத்தான் வரும். வந்தால் யாரும் கையைத் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போனிலேயே நாக்கை நீட்டச் சொல்லி, போனிலேயே மருந்து சொல்லி, போனிலேயே குணமாக்கிவிடுவார்கள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சரின் கதையும் அதுதான். அவளுடைய தம்பி டாக்டர். அக்காவைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் விரலுக்குள் முதன்முதலாகப் பென்சிலை வைத்து மடக்கியது அவள்தான். பின்னாளில் எத்தனையோ குழந்தைகளின் கையைப் பிடித்து எழுத வைத்தாள், ஆனால் அவள் பிடித்த முதல் கை அவனுடையது. பள்ளிக்கூடத்து ஓய்வறையில் யாருக்காவது தலைவலி என்றால், "தம்பி உடையாள் நோய்க்கு அஞ்சாள்" என்று பழமொழியையே தன் வசதிக்குத் திருத்திச் சொல்லிச் சிரிப்பாள். கணக்கு டீச்சர் விடமாட்டாள். "உனக்கென்னம்மா, வீட்டுலயே ஆஸ்பத்திரி. எங்களுக்கெல்லாம் டோக்கன் போட்டாத்தான் வியாதியே ஆரம்பிக்கும்" என்பாள்.

தம்பி வேறு ஊரில் இருந்தான். நேரில் வருவது அபூர்வம். ஆனால் அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் ஒரு பை வந்துவிடும். மருந்து கம்பெனிக்காரர்கள் அவனுடைய மேசையில் கொண்டுவந்து வைக்கிற சாம்பிள் மாத்திரைகள் அதில் இருக்கும். நரம்புக்கு என்று சிவப்பில் ஒன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று மஞ்சளில் ஒன்று, அசதிக்கு என்று தட்டையாக ஒன்று. வெள்ளித்தாளில் மினுமினுவென்று அழகாக இருக்கும்.

"இதெல்லாம் எதுக்குடா?" என்று முதல் தடவை கேட்டாள்.

"சத்து மாத்திரைதான்க்கா. நாள் பூரா நின்னுக்கிட்டே கத்துறியே. சாப்பிடு."

"கூடிப்போனா ஒண்ணும் பண்ணாதா?"

"கூடினா ஒண்ணுக்குல போயிடும். பயப்படாத."

அவள் சாப்பிட்டாள். ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டாள். தம்பி தன் கையால் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவன் வராவிட்டாலும் அவனுடைய பை வருகிறதே. பாசத்துக்குப் பை என்றும் மாத்திரை என்றும் பெயர் வைத்துக்கொள்கிற பைத்தியங்கள் நம்மில் எத்தனை பேர்.

இரண்டு வருஷம் போயிருக்கும். கால் விரல்களின் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. இரண்டு காலிலும் ஒரே மாதிரி. போனில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தான், பேனா ஓடுகிற ஓசை கேட்டது.

"வயசாகுதுல்லக்கா. நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான். சுகர் பாத்துடு. அந்தச் சிவப்பு மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டுக்க."

சர்க்கரை இல்லை. சிவப்பு மாத்திரை இரண்டாகியது. குறுகுறுப்பு எரிச்சலாகியது. விரலில் இருந்தது பாதத்துக்கு ஏறியது, பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் அவள் வாயைத் திறப்பதற்குள் "சரிக்கா, பாக்கலாம்க்கா, பேஷண்ட் வெயிட்டிங்" என்று அவன் வைத்துவிடுவான்.

டீச்சருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பஸ்ஸில் ஏற்றித்தான் பேசுவார். "ஒன் தம்பி எக்ஸ்பிரஸ் வண்டி. நீ கையக் காட்டினா நிக்க மாட்டான். பேசாம எழுதிப் போடு. காகிதம்னா பாதியில வைக்க முடியாதுல்ல" என்றார்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோடு போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

"சின்னவனுக்கு அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் நலமில்லை. போனில் நீ கேட்க மாட்டேன் என்கிறாய். ஆகவே வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன், கவனி.

"முதலில் விரல் நுனி. இப்போது இரண்டு கணுக்காலும். காலுறை போட்ட இடம் வரைக்கும் எரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. சூடான மணலில் நிற்கிற எரிச்சல். ஆனால் தொட்டுப் பார்த்தால் கால் ஜில்லென்று இருக்கிறது. போர்வை பட்டால் பொறுக்கவில்லை. சிமென்ட் தரையில் வைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

"எரிகிறதே, அப்படியானால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. எரிகிற காலுக்குத் தரை தெரியவில்லை. பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது. போன வாரம் வராந்தாவில் நடந்து போனேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். 'டீச்சர், உங்க செருப்பு அங்கயே நிக்குது' என்று ஒரு வாண்டு கத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒரு செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. அது கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது.

"முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஒரு பக்கமாகச் சாய்கிறேன். குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலைக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக நிற்கும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். திருடி மாதிரி. கண் திறந்திருந்தால் விழமாட்டேன், மூடினால் விழுவேன். இது என்ன கூத்து என்று நீதான் சொல்ல வேண்டும். காலில் பலம் குறையவில்லை. நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன், விரலை மடக்கி நீட்டுகிறேன்.

"சாப்பாடு எப்போதும் போல. நீ அனுப்பினது எதையும் விடவில்லை. காலையில் சிவப்பு, மஞ்சள், தட்டை. ராத்திரி இன்னொரு சிவப்பு. அசதியாக இருந்தால் தட்டையில் இன்னொன்று.

"ஒன்றாம் வகுப்புக்கு உட்கார்ந்துகொண்டு பாடம் சொல்ல முடியாது, சின்னவனே. ஒவ்வொருத்தன் பக்கத்திலும் போய்க் குனிந்து கையைப் பிடிக்க வேண்டும். கால் போனால் என் வகுப்பு போய்விடும். அதுதான் எனக்குப் பயம். வலியைப் பொறுத்துக்கொள்வேன். இதைத் தம்பியாகப் படிக்காதே. டாக்டராகப் படி."

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவனே கூப்பிட்டான். அதுவும் பட்டப்பகலில், நோயாளிகள் வரிசையில் நிற்கிற நேரத்தில். டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. படித்துவிட்டான், டாக்டராகவே படித்துவிட்டான் என்று நினைத்தாள்.

"அக்கா, அந்த மாத்திரையெல்லாம் நிறுத்திடு."

"எந்த மாத்திரைடா?"

"எல்லாத்தையும். செவப்பு, மஞ்சள் எல்லாம்."

"ஏன், என்னாச்சு?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. இந்தத் தடவை பேனா ஓசைகூட இல்லை.

"ஒண்ணுமில்ல. போதும், நெறைய சாப்பிட்டாச்சு. சும்மா உடம்புச் சூட்டக் கிளப்பும். நிறுத்திடு, சரியாகிடும்."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் இந்தக் கதை கெட்டது. அவன் நல்லவன்தான். அக்காவுக்கு இன்னும் கெடுதல் வேண்டாம் என்றுதான் கூப்பிட்டான். கூப்பிட்டவன் பாதியைச் சொன்னான், மீதியை விழுங்கிவிட்டான். விழுங்கியது எதை? மூன்று மாத்திரைக்குள்ளும் ஒரே சத்து இருக்கிறது என்பதை. விட்டமின் பி ஆறு என்று அதற்குப் பெயர். அளவோடு இருந்தால் நரம்புக்கு நல்லது, அளவு மீறி மாசக்கணக்கில் போனால் அதே நரம்பைத் தின்றுவிடும். ஒவ்வொரு குறைக்கு ஒன்றாக அனுப்பியது அவன் கை, குறுகுறுக்கிறது என்றபோது இரண்டாக்கச் சொன்னது அவன் வாய். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அந்த ஊரில் அவன் பெரிய டாக்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரே ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தான். சூடு என்று சொன்னான்.

டீச்சர் நிறுத்தினாள். எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தாள்.

நிறுத்தியதும் எரிச்சல் ஏறியது. முன்னே கணுக்காலோடு நின்றது ஆடுசதைக்கு வந்தது. இரண்டு கை விரல் நுனியிலும் அதே எறும்பு. சாக்பீஸைப் பிடித்தால் பிடித்த மாதிரி இல்லை. அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"நிறுத்தினப்புறம் அதிகமாயிடுச்சுடா."

"கொஞ்ச நாள் பொறு. சரியாகும்."

"எதுக்கு அதிகமாகுது?"

"பொறுக்கா. சொல்றேன்ல. பேஷண்ட் வெயிட்டிங்."

அவனுக்குத் தெரியும். இந்தச் சத்து நின்ற பிறகும் சில வாரத்துக்கு நரம்பு கெட்டுக்கொண்டேதான் போகும், அதற்கப்புறம்தான் மெல்லத் திரும்பும். பிரேக் போட்ட வண்டி போட்ட இடத்திலேயே நிற்காது, கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். அதை அவள் கணவர் பாஷையில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். பொறுக்கத் தெரியாதவள் ஒன்றாம் வகுப்பில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்ட முடியுமா?

காரணம் தெரியாதவள் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். பிள்ளைகளுக்குச் சொல்வாளே, முதலில் பார், பிறகு யோசி, பிறகு விடை சொல் என்று, அதே முறையில்தான் கண்டுபிடித்தாள். மாத்திரை இருந்தது, எரிச்சல் கணுக்காலோடு நின்றது. மாத்திரையை எடுத்தோம், எரிச்சல் மேலே ஏறிவிட்டது. ஆக மாத்திரைதான் வேலி. வேலியைப் பிடுங்கியதும் ஆடு உள்ளே வந்துவிட்டது. விடை அவ்வளவு சுத்தமாக வந்தது. தப்பான விடைகள் அப்படித்தான் வரும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"டிரைவர் ஒண்ணு சொல்றாரு, வண்டி ஒண்ணு செய்யுது. நான் வெறும் கண்டக்டர். விசில் ஊதத்தான் தெரியும்" என்றார் அவர். ஆனாலும் பிஸ்கட் டப்பாவை அவர்தான் ஸ்டூல் போட்டு எட்டி எடுத்துக் கொடுத்தார்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான். அவன் ஒன்றை மறைத்தான், இவள் ஒன்றை மறைத்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. டப்பா காலியானதும் பழைய பட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி நிரப்பினாள். கடைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை. சத்து மாத்திரைக்கு யார் சீட்டுக் கேட்கிறார்கள்?

அரை வருஷம் அப்படி ஓடியது. ஒரு காலையில் பிள்ளைகளை வரிசையாக மாடிப்படியில் இறக்கிக்கொண்டு வந்தாள். கீழே பார்த்து நடந்தவரைக்கும் கால் சொன்னபடி கேட்டது. பின்னால் ஒரு பெண் குழந்தை மூக்கைச் சிந்தியது, திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த படி எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. கைப்பிடியில் தோள் மோதி உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். பிள்ளைகள் மேல் விழவில்லை. ஆனால் முன்னால் போன இரண்டு பேர் பயத்தில் குதித்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை மோசமானவள் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். உட்கார வைத்த பிறகு சொன்னாள். "டீச்சர், கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்து சர்டிபிகேட் எழுதுங்க. உங்க கையெழுத்து நல்லாருக்கு. கிளாஸ வேற ஒருத்தர் பாத்துக்கட்டும். சரியானதும் டாக்டர் சீட்டோட வாங்க."

"என் பிள்ளைங்க பாதி எழுத்துல நிக்குதுங்க."

"விழுந்தது பிள்ளைங்க மேலன்னா நான் என்ன பதில் சொல்றது, சொல்லுங்க."

அன்றிலிருந்து ஆபீஸ் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்பில் வேறொருத்தியின் குரல் கேட்டது. அந்தக் குரல் அவசரமாக இருந்தது.

விழுந்த செய்தியைக் கணவர்தான் தம்பிக்குச் சொன்னார். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வருஷக்கணக்கில் வராதவன் வாசலில் வந்து நின்றான். அக்கா காலைப் பார்த்தான், தொடவில்லை.

"எங்க ஆஸ்பத்திரில நரம்பு டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. நானே கூட வர்றேன். கெளம்பு."

"மாத்திரைப் பையை எடுத்துக்கவா?"

"எந்தப் பை? அதெல்லாம் வேணாம். அதான் நிறுத்தியாச்சே."

அவள் உள்ளே போய்த் துணி எடுத்து வைத்தாள். பையையும் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டாள். மறைக்க வேண்டும் என்றல்ல. வெளியூரில் ஒருவேளை தவறிவிடக் கூடாதே என்றுதான்.

நரம்பு டாக்டரம்மாவுக்கு டீச்சர் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டு, அக்காவுக்குப் பதிலாக அவனே பேச ஆரம்பித்தான். சர்க்கரை இல்லை, தைராய்டு சரி, ரத்தத்தில் பி பன்னிரண்டு தாராளமாக இருக்கிறது, மது கிடையாது, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று வரிசையாகச் சொன்னான்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, "கொஞ்சம் இருங்க சார். கால் அவங்களோடதுதானே?" என்றாள்.

முதன்முதலாக ஒருத்தி அவள் காலைத் தொட்டாள். ஊசியால் குத்திப் பார்த்தாள். கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினாள், பாதம் துள்ளவில்லை. எழுந்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னாள், டீச்சர் சாய்ந்தாள், டாக்டரம்மாவின் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. பிறகு இரட்டைக் கம்பியுள்ள இரும்பு ஒன்றை உள்ளங்கையில் தட்டி, அதிர்கிற காம்பைக் கால் கட்டை விரலில் வைத்தாள்.

"கண்ண மூடிக்கங்க. அதிர்றது தெரியுதா?"

டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. தம்பி வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான். "லேசா தெரியுது" என்றாள்.

இன்னொரு தடவை வைத்தாள். "இப்ப?"

"இப்பவும் லேசா."

டாக்டரம்மா சிரித்தாள். "இந்தத் தடவை நான் தட்டவே இல்லைம்மா. பாஸ் மார்க் வாங்க வந்தீங்களா? இங்க இல்லாதத இருக்குன்னு சொன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்."

டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. எத்தனை குழந்தைகளிடம் இதையே சொல்லியிருப்பாள்.

நரம்பில் லேசாக மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனையும் அன்றைக்கே முடிந்தது. அசைவுக்கான நரம்புகள் நன்றாக இருந்தன. உணர்ச்சிக்கான நரம்புகள் மட்டும் அடங்கிக் கிடந்தன, இரண்டு காலிலும் ஒரே மாதிரி. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றான் தம்பி.

"சத்து மாத்திரைதான்" என்றாள் டீச்சர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் பையைத் திறந்து சிவப்பு, மஞ்சள், தட்டை மூன்றையும் மேசையில் வைத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். விடைத்தாளை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்த பிள்ளையின் முகம் அவளுக்குத் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். அது ஏன் இவன் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது?

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு பட்டையின் பின்பக்கத்தையும் படித்தாள். "இதுல நூறு. இதுல அம்பது. இதுலயும் அம்பது. எத்தனை போடுறீங்க? ... எவ்வளவு நாளா? ..." பதிலைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தாள். "உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ரெண்டு மில்லிகிராம்கூட இல்லம்மா. நீங்க தினமும் நூத்துக்கணக்குல உள்ள தள்ளியிருக்கீங்க. மத்த சத்து மாதிரி கூடினது தானா வெளிய போயிடும்னு இத விட முடியாது. இந்த பி ஆறுதான் உங்க நரம்பக் கெடுத்திருக்கு. ரத்தத்துல அளவு பாக்க அனுப்புறேன். அதுக்காகக் காத்திருக்க வேணாம், இன்னைக்கே நிறுத்துங்க."

"ஒரு தடவ நிறுத்தினேன். தம்பி நிறுத்தச் சொன்னான். நிறுத்தினதும் ரொம்ப ஏறிடுச்சு. அதனால மறுபடியும் ஆரம்பிச்சேன்."

தம்பி சட்டென்று திரும்பினான். "மறுபடியுமா? எப்பலேர்ந்து?"

"அரை வருஷமாச்சு."

டாக்டரம்மா தம்பியைப் பார்த்தாள். "நிறுத்தச் சொன்னீங்களா? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நிறுத்தினா மொதல்ல சில வாரம் ஏறித்தான் அப்புறம் இறங்கும்னு இவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்னுதான் நினைக்கிறேன்" என்றான் அவன்.

அந்தக் கணத்தில் டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பட்டப்பகலில் வந்த போன், பேனா ஓசையில்லாத அந்த மௌனம், சூடு என்ற வார்த்தை, பை வேண்டாம் என்றது. கடிதத்தை அவன் டாக்டராகத்தான் படித்திருக்கிறான். படித்துவிட்டுத் தம்பியாகப் பதில் சொல்லியிருக்கிறான். அவளுடைய கால், அவளுடைய வகுப்பு, அந்த இரண்டு குழந்தைகளின் முட்டி, எல்லாம் அவன் சொல்லாத ஒரு வரிக்கு விலை.

அப்படித் தெரிந்தும் அவள் வாய் என்ன சொன்னது தெரியுமா? ஒன்பது வயதிலிருந்து அவனை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றிப் பழகிய வாய். "சொன்னான் டாக்டர். நான்தான் மறந்துட்டேன்."

டாக்டரம்மா அவளைச் சற்று அதிகமாகவே பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

காரில் போகும்போது தம்பி நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள் என்று நினைக்காதீர்கள். தனியாக இருக்கும்போது அந்த ஒரு வரியைச் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தாள். தெரிஞ்சதும் சொல்லியிருக்கணும்க்கா என்று ஒரு வரி. அது போதும், மீதியை அவளே முடித்துக்கொள்வாள். சிக்னலில் வண்டி நின்றது. அவன் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னவாம் உங்க அக்காவுக்கு?" என்று கேட்டாள் அவள்.

"விட்டமின் ஓவர்டோஸ். நான் எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டேன். இவங்கதான் மறந்துட்டு மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. என்ன பண்றது, சொன்னாக் கேட்டாத்தானே."

சிக்னல் பச்சையாகியது. தான் இரவல் கொடுத்த பொய்யை இவன் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டான் என்று டீச்சர் நினைத்தாள். அதுவும் எவ்வளவு சுலபமாக. நாளைக்கு இவனே அதை நம்பிவிடுவான். நம்பிவிட்டால் அப்புறம் அது பொய்கூட இல்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னைப் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடு" என்றாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ."

"பேஷண்ட் வெயிட்டிங்ல இருப்பாங்க. நீ போ."

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொல்லைப்புறத்துக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். "டப்பாவ எடுத்துக்குடுத்தவனும் குத்தவாளிதான்" என்றார்.

"நீங்க கண்டக்டர்தானே" என்றாள் அவள்.

முதல் சில வாரம் எரிச்சல் ஏறியது. டாக்டரம்மா சொன்னபடியே ஏறியது. காரணம் தெரிந்த வலி என்பதால் இந்தத் தடவை பொறுக்க முடிந்தது. அதே வலிதான், ஒரு துளி குறைவில்லை. பிறகு ஏறுவது நின்றது. மாசங்கள் போயின. எரிச்சல் ஆடுசதையிலிருந்து இறங்கிக் கணுக்காலுக்கு வந்தது. கை விரல் எறும்புகள் போய்விட்டன. தம்பி போன் பண்ணினான். கால் எப்படி என்று கேட்டான், பரவாயில்லை என்றாள். அவன் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். பை எதுவும் வரவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்க டீச்சர் தனியாகப் போனாள். பஸ்ஸில் போனாள். கணவர் துணைக்கு வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். செருப்பில் பின்னால் வார் வைத்துத் தைத்திருந்தாள், கழலாது.

"சார் வரலையா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"இல்ல. நான் வந்தது அவனுக்குத் தெரியாது." டீச்சர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். "போன தடவ நான் ஒண்ணு பொய் சொன்னேன். நிறுத்தினா மொதல்ல ஏறும்னு தம்பி சொல்லல. எதுக்கு நிறுத்தணும்னும் சொல்லல. சொல்லியிருந்தா நான் மறுபடி தொட்டிருக்க மாட்டேன்."

டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. "உங்க ரிப்போர்ட்ல, காரணம் சொல்லியும் மறந்துட்டுத் திரும்பச் சாப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கேன். உங்க தலைமையாசிரியைக்குப் போற சீட்டுலயும் அப்படித்தான் இருக்கும். மாத்தி எழுதட்டுமா? எழுதினா உங்க தம்பி கண்ணுல படும், அவர் இங்கதான் வேலை பாக்கறாரு. பார்ப்பாரு."

டீச்சர் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கைக்குள்தான் முன்னொரு காலத்தில் ஒரு சின்னக் கை இருந்தது. எழுத்துத் தப்பினால் அழித்துவிட்டு மறுபடி எழுத வைப்பாள். அழுவான். அழுதாலும் விடமாட்டாள். அப்போதெல்லாம் விடவில்லையே.

"எழுதுங்க" என்றாள்.

எழுதி முடித்ததும் டாக்டரம்மா அந்த இரட்டைக் கம்பியை எடுத்தாள். உள்ளங்கையில் தட்டினாள். "கண்ண மூடிக்கங்க."

கணுக்கால் எலும்பில் வைத்தாள். தூரத்து வண்டி போகிற மாதிரி மெல்லிய அதிர்வு. டீச்சர் நன்றாக நிதானித்தாள்.

"தெரியுது."

கட்டை விரலுக்கு மாற்றினாள். "இங்க?"

டீச்சர் காத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கிறது. அதற்குள் போய்விடலாம் என்று ஒரு ஆசை விரல் நுனி வரைக்கும் ஓடிப் போய் நின்று பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை.

"இல்ல" என்றாள்.

"அப்ப இந்த வருஷம் கிளாஸ் வேணாம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, செருப்பு வாரைக் குனிந்து பார்த்து மாட்டிக்கொண்டாள்.